'மகிழ்ச்சியுடன் வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி ஆறு மாதம் காத்திருந்த கதை

நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவள். வீட்டில் இருந்தபடியே பதிப்பகங்களுக்கு வேலை செய்து கொடுக்கிறேன். ஒரு மின்னஞ்சலுக்கு நான் அனுப்பிய ஐந்து வரிப் பதிலால் 13,600 ரூபாய் ஆறு மாதம் முடங்கியது. எனக்கு வரவேண்டிய இரண்டு புத்தகங்கள் வேறொருவருக்குப் போயின. அந்த ஆறு மாதமும் இதை யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கணவரிடம் சொன்னால் "விடு, போகட்டும்" என்பார். இதே தொழிலில் இருப்பவர்களிடம் சொல்லவோ வெட்கமாக இருந்தது. என்னைப் போல ஒருவர் கோபத்தோடு பதில் எழுத உட்கார்ந்தால் அவருக்காவது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை இதுதான். 304 பக்கத்தில் ஒரு கட்டுரைத் தொகுப்பு. பக்கத்துக்கு 55 ரூபாய், இரண்டு மெய்ப்புத் திருத்தம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் திருத்தம் வந்தால் பக்கத்துக்கு 15 ரூபாய். டிசம்பர் 5ஆம் தேதி அச்சுக்கான கோப்பு தரவேண்டும், ஜனவரிப் புத்தகக் காட்சியில் நூல் இருக்கவேண்டும் என்று பேச்சு. டிசம்பர் 4 அன்று பதிப்பக மேலாளரிடமிருந்து "இறுதி மெய்ப்பு சரியாக இருக்கிறது, அச்சுக்கு அனுப்பலாம்" என்று மின்னஞ்சல் வந்தது. மறுநாள் காலை அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, ஆசிரியர் கடைசியாக ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார், கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்றார். சரி என்றேன். 9ஆம் தேதி ஆசிரியரிடமிருந்து திருத்தம் வந்தது, 96 பக்கங்களில். சில இடங்களில் பத்தி பத்தியாகப் புதிதாகச் சேர்த்திருந்தார்.

புத்தக வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் அந்தப் பக்கம் மட்டும் மாறாது. பின்னால் இருக்கும் பக்கங்கள் எல்லாம் நகரும், பொருளடக்கத்தில் எண்கள் மாறும். அச்சகத்தில் புத்தகம் பாரம் கணக்கில் ஓடுகிறது, பாரம் என்றால் ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள். எங்கள் நூலில் பாரத்துக்கு 16 பக்கம். 304 என்பது சரியாக 19 பாரம். திருத்தத்துக்குப் பிறகு அது 311 பக்கம் ஆகிவிட்டது. அரை பாரம் கூட்டி 312 பக்கமாக்குவதா, ஏழு பக்கத்தைக் குறைத்துப் பழையபடி 304க்கே கொண்டுவருவதா என்பது காகிதச் செலவு சம்பந்தப்பட்ட முடிவு. அதைப் பதிப்பகம்தான் எடுக்கவேண்டும். 11ஆம் தேதி இதைக் கேட்டு எழுதினேன். 16ஆம் தேதி, 312 ஆகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. 18ஆம் தேதி தருகிறேன் என்று சொன்னேன். அன்று எனக்குக் காய்ச்சல், 19ஆம் தேதிதான் கொடுத்தேன். காட்சி தொடங்கி நாலாவது நாள் நூல் அரங்குக்கு வந்தது.

காட்சி முடிந்த பிறகு, ஜனவரி 20 மாலை மேலாளரின் மின்னஞ்சல். கோப்பு தரவேண்டிய நாள் டிசம்பர் 5, தந்த நாள் டிசம்பர் 19, பதினான்கு நாள் தாமதம், முதல் நாட்களின் விற்பனை போய்விட்டது, எனவே 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று இருந்தது. 312 பக்கத்துக்கு 17,160 ரூபாய், கூடுதல் திருத்தத்துக்கு 1,440 ரூபாய், மொத்தம் 18,600. முன்பணம் 5,000 போக வரவேண்டியது 13,600. அதில் 5,000 போனால் 8,600. எனக்கு அந்தத் தொகையைவிட 'பதினான்கு நாள்' என்ற சொல்தான் தாங்கவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து 96 பக்கத் திருத்தம் போட்டது எனக்குத்தானே தெரியும். சாப்பிடாமல் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கண்டு பேருவகை அடைந்தேன். பதினான்கு நாளைக் கூட்டத் தெரிந்த தங்களுக்கு, அதில் ஒன்பது நாள் வேலை தங்கள் மேசையிலேயே உறங்கியது மட்டும் தெரியாமல் போனது வியப்பே. 'அச்சுக்கு அனுப்பலாம்' என்பதற்குத் தங்கள் அகராதியில் வேறு பொருள் இருக்கும் போலும். அடுத்த முறை தங்கள் மின்னஞ்சல்களைத் தாங்களே ஒருமுறை வாசித்துவிட்டால் எங்களைப் போன்ற எளியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். ஐயாயிரம் ரூபாயால்தான் பதிப்பகம் பிழைக்குமென்றால் மகிழ்ச்சியுடன் வைத்துக்கொள்ளுங்கள்!"

இதை மேலாளருக்கு மட்டும் அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. பதிப்பக உரிமையாளர், நூலாசிரியர், அச்சகம் என்று மூவருக்கும் நகல் போட்டேன். அனுப்பிவிட்டுப் படுத்தபோது நெஞ்சு லேசானதைப் போல இருந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள் நீடித்தது. 22ஆம் தேதி உரிமையாளரே பதில் எழுதினார். நான்கு வரி. என் கடிதத்தின் தொனி வருத்தம் தருகிறது. 18ஆம் தேதி தருவதாகச் சொன்ன கோப்பு 19ஆம் தேதிதான் வந்தது. 5,000 ரூபாயை வைத்துக்கொள்ளும்படி நானே எழுதிவிட்டதால் அந்த விஷயம் முடிந்துவிட்டது. மீதிப் பணம் பற்றிப் பிறகு பேசலாம். அவ்வளவுதான். ஒன்பது நாள் பற்றி ஒரு சொல் இல்லை. 4ஆம் தேதி ஒப்புதல் பற்றியும் இல்லை.

அவர் வேண்டுமென்றே அப்படிப் படித்தாரா, உண்மையாகவே அப்படிப் புரிந்துகொண்டாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போது எனக்கு அது முக்கியமாகத் தோன்றவில்லை. எழுத்தில் 'வைத்துக்கொள்ளுங்கள்' என்று இருக்கிறது, என் பெயர் கீழே இருக்கிறது. நேரில் சொல்லியிருந்தால் முகமும் குரலும் அதைத் தலைகீழாக்கிக் காட்டியிருக்கும். காகிதத்திலோ திரையிலோ அந்தக் குரல் போய்ச்சேராது, சொல் மட்டும்தான் போகும். நக்கலாகச் சொல்லும் வரி எதுவாக இருந்தாலும் அதன் மேற்பொருள் நாம் நினைப்பதற்கு எதிராக இருக்கும். கணக்குப் பிரிவில் இருப்பவர் மேற்பொருளைத்தான் கோப்பில் சேர்ப்பார். நான் மறுக்கிறேன் என்ற ஒரே ஒரு செய்தியைச் சொல்லத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். ஆனால் 'ஏற்கவில்லை' என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்போம். அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசிப் புத்தம் புதிதாக இருக்கின்றன, எங்களுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். நமக்கு இந்த வித்தை ரத்தத்தில் ஊறியது. அதனால்தான் கோபம் வந்தால் கை தானாகப் 'பேருவகை' என்று எழுதுகிறது. ஆனால் ஔவையார் எதிரே நின்று சொன்னார், கேட்டவன் பாராட்டை விலக்கி உள்ளே இருப்பதைப் பார்க்கவேண்டிய நிலையில் இருந்தான். பணம் தரவேண்டியவருக்கு அப்படி ஒரு தேவையும் இல்லை. மேலே இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் அவருக்கு லாபம்.

பிப்ரவரியில் நான் செய்த இரண்டாவது தவறு முதல் தவறைவிடப் பெரியது. பணம் வரவில்லை, இரண்டு மாதத்துக்குள் வருவதாக இருந்த இரண்டு நூல்கள் பற்றியும் பேச்சில்லை. பயம் வந்துவிட்டது. 10ஆம் தேதி இப்படி எழுதினேன்: "அன்று எழுதியதற்கு மனமார்ந்த மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் குறித்து எனக்குச் சற்று வருத்தம் உண்டு என்றாலும் முடிவு உங்களுடையது. முடிந்தால் பரிசீலிக்கவும்." நக்கலை எடுக்கிறேன் என்று நினைத்து மறுப்பையே எடுத்துவிட்டேன். 'சற்று', 'என்றாலும்', 'முடிந்தால்', 'பரிசீலிக்கவும்' என்ற நான்கு சொல்லும் சேர்ந்து, இவளுக்கு இது பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட்டன. பதிலே வரவில்லை. வரவும் காரணமில்லை, ஏனென்றால் நான் எதையும் கேட்கவில்லை.

காரத்தைக் குறைப்பது என்றால் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம் என்று நினைக்கிறேன். கடுமையாக ஒலிக்கும் சொற்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை எதிரே இருப்பவரைக் குத்துவது: 'மட்டும் தெரியாமல் போனது', 'போலும்', 'எளியவர்களுக்கு'. இன்னொரு வகை நம் நிலையைச் சொல்வது: 'ஏற்கவில்லை', 'சம்மதமில்லை', 'இந்தத் தேதி தவறு'. முதல் வகையை ஒன்றுவிடாமல் எடுக்கலாம். இரண்டாவது வகையில் கை வைக்கவே கூடாது. பயத்தில் எழுதும்போது நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. 'ஏற்கவில்லை' என்று எழுதினால் கோபமாகத் தெரியுமோ என்று 'ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்', 'ஏற்பதில் சிறு தயக்கம் உண்டு' என்று இழுக்கிறோம். 'இயலாத நிலை' என்றால் நிலை மாறினால் இயலும் என்று பொருளாகிவிடும். 'சிறு தயக்கம்' என்றால் கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று பொருள்.

ஜூன் மாதம் வேறு ஒரு வேலையாக அதே அச்சகத்துக்குப் போயிருந்தேன். அங்கே பல வருடமாகத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், அந்த ராத்திரி மின்னஞ்சலின் நகல் அவருக்கும் போயிருந்தது. பேச்சுவாக்கில் என் வருத்தத்தைச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, "ஏம்மா, கடைசி வரியில நீயே வச்சுக்கச் சொல்லிட்டியேம்மா. அப்புறம் எப்படிக் கேக்குற?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உரிமையாளர் வேண்டுமென்றே அப்படிப் படித்திருக்கலாம். ஆனால் என்மேல் பாசம் உள்ள மனிதர், எந்த லாபமும் இல்லாதவர், அவரும் அப்படியே படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரக் காரணமான தகவல் என்ன என்று கேட்டுக்கொண்டு அதை மட்டும் எழுதினேன். 'பேருவகை' வரிக்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அது வெறும் குத்தல், அடித்துவிட்டேன். 'மேசையிலேயே உறங்கியது' என்ற வரிக்குள் ஒரு நல்ல தகவல் இருந்தது: 14 நாளில் 9 நாள் நான் காத்திருந்தேன். 'அகராதி' வரிக்குள் டிசம்பர் 4 மின்னஞ்சல் இருந்தது. 'தாங்களே வாசித்துவிட்டால்' என்ற வரிக்குள், அந்த மின்னஞ்சல்களை இணைத்து அனுப்பவேண்டும் என்ற வேலை இருந்தது. அதை நான் செய்யவே இல்லை. கடைசி வரிக்குள் 'ஏற்கவில்லை' என்ற ஒரு சொல் இருந்தது. ஐந்து வரியில் நான்கில் சொல்லவேண்டிய விஷயம் இருந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் நானே மூடிவைத்திருக்கிறேன். கோபமான கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது என்று இதனால்தான் சொல்கிறேன். எங்கே எரிகிறதோ அங்கே ஒரு தகவல் இருக்கிறது.

அடுத்தது ஆதாரம். டிசம்பர் 5 அன்று நிறுத்திவைக்கச் சொன்னது தொலைபேசியில், எழுத்தில் இல்லை. ஜனவரியில் அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது, நிரூபிக்க முடியாதே என்று. இப்போது நிதானமாகத் தேடியபோது, 9ஆம் தேதி ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சலின் முதல் வரியே "எனக்காக அச்சை நிறுத்திவைத்ததற்கு நன்றி" என்று இருந்தது. மேலாளருக்கும் நகல் போயிருந்தது. ஆறு மாதமாக அது என் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நக்கலாக எழுதும்போது அடுத்த நல்ல வரி என்ன என்றுதான் மனம் தேடுகிறது, பழைய மின்னஞ்சலைத் தேடுவதில்லை.

தேடியதில் என்னுடைய ஒரு நாளும் தெரிந்தது. 18 என்று சொல்லி 19 அன்று கொடுத்தது என் தாமதம்தான். முதல் கடிதத்தில் அதைச் சொல்லாமல் தாண்டிப் போயிருந்தேன். அதனால்தான் உரிமையாளர் அதையே பிடித்துக்கொண்டார். இந்த முறை அதை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் மன்னிப்பாகச் சொன்னால் பிப்ரவரிக் கடிதம் மாதிரி ஆகிவிடும், எண்ணாகச் சொல்லவேண்டும். 5,000 ரூபாயை 14 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 357 ரூபாய். அதை விட்டுக்கொடுக்கிறேன், மீதி 4,643 ரூபாயை விடமாட்டேன். ஒப்புக்கொள்வது எதுவரை, மறுப்பது எங்கிருந்து என்று கோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஜூலை 3 அன்று, மேலாளருக்கும் உரிமையாளருக்கும் மட்டும் அனுப்பியது இது:

"வணக்கம் சார். ஜனவரி 20 மின்னஞ்சலில் நீங்கள் சொன்ன ரூ. 5,000 பிடித்தத்தை நான் ஏற்கவில்லை. அன்றைய பதிலில் 'வைத்துக்கொள்ளுங்கள்' என்று நான் எழுதியது கோபத்தில் எழுதியது, அது சம்மதம் அல்ல. அப்படி எழுதியதற்கு வருந்துகிறேன். பிப்ரவரி 10 அன்று 'முடிவு உங்களுடையது' என்று எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

14 நாட்களின் கணக்கு இது. டிசம்பர் 4 அன்று அச்சுக்கு ஒப்புதல் தந்தீர்கள். 5ஆம் தேதி, ஆசிரியர் பார்ப்பதற்காக நிறுத்திவைக்கச் சொன்னீர்கள். திருத்தம் 9ஆம் தேதி வந்தது. இதில் காத்திருந்தது 4 நாள். 96 பக்கத் திருத்தத்தை முடித்து, பக்கம் 311 ஆவதை 11ஆம் தேதி தெரிவித்தேன், 2 நாள். அதற்கு உங்கள் பதில் 16ஆம் தேதி வந்தது, 5 நாள். கோப்பு 19ஆம் தேதி தந்தேன், 3 நாள். 18 அன்று தருவதாகச் சொல்லியிருந்தேன், அந்த ஒரு நாள் என் தாமதம். அதற்கு, உங்கள் கணக்குப்படியே ஒரு நாளுக்கு ரூ. 357 கழித்துக்கொள்ளலாம். மீதி ரூ. 4,643 கழிப்பதை ஏற்கவில்லை.

எனக்குத் தரவேண்டியது ரூ. 13,243. ஜூலை 15க்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் 4, 9, 11, 16 மின்னஞ்சல்களை இணைத்திருக்கிறேன். மேலே எந்தத் தேதியாவது தவறு என்றால் எது என்று சொல்லுங்கள், சரிபார்க்கிறேன்."

இதில் சில முடிவுகளை யோசித்துத்தான் எடுத்தேன். முதலாவது விளிப்பு. இந்த மேலாளருக்கு நான் வழக்கமாக 'வணக்கம் சார்' என்றும் 'நீங்கள்' என்றும்தான் எழுதுவேன். ஜனவரிக் கடிதத்தில் திடீரென்று 'மதிப்பிற்குரிய ஐயா', 'தங்கள்', 'தாங்களே' என்று ஏறிவிட்டேன். தமிழில் மரியாதை ஒரு படி கூடினாலே எதிரே இருப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும், எதற்கு இப்போது இவ்வளவு மரியாதை என்று. எப்போதும் 'தாங்கள்' என்று எழுதுகிற இடத்தில் அது நக்கலாகாது, அங்கே 'நீங்கள்' என்று இறங்கினால்தான் குத்தும். அதனால் அவரோடு சண்டைக்கு முன்னால் எழுதிய கடைசி நாலைந்து மின்னஞ்சலை எடுத்துப் பார்த்து, அதே விளிப்பு, அதே முடிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது சின்னச் சொற்கள். 'போலும்', 'அல்லவா', 'மட்டும்', 'கூட', 'தான்', கடைசியில் ஒட்டும் ஏகாரம். தமிழ் நக்கலின் பாதி வேலையை இவைதான் செய்கின்றன. 'அந்த மின்னஞ்சலைப் படிக்கவில்லை' என்பது தகவல். 'அந்த மின்னஞ்சலைக்கூடப் படிக்கவில்லை' என்றால் அடி. ஒரு வரைவை முடித்ததும் இந்தச் சொற்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். பொருள் குறையாவிட்டால் அது அங்கே குத்துவதற்காக மட்டும் இருந்தது. 'ஏற்கெனவே சொன்னதுபோல', 'பலமுறை சொல்லிவிட்டேன்' என்பவற்றையும் எடுத்துவிட்டுத் தேதியைப் போடுகிறேன். 'டிசம்பர் 11 அன்று கேட்டிருந்தேன்' என்பதில் அதே செய்தி இருக்கிறது, அலுப்பு இல்லை. ஆச்சரியக்குறியையும், அவர் சொல்லை மேற்கோள் குறிக்குள் தூக்கிக் காட்டுவதையும் இப்படித்தான் பார்ப்பேன். ஜூலைக் கடிதத்தில் நான் மேற்கோள் குறிக்குள் போட்டது என் சொந்தச் சொற்களை மட்டும்தான்.

மூன்றாவது, யார் செய்தது என்பதை மறைக்கக்கூடாது. பணிவாக எழுதுகிறோம் என்று 'தாமதம் ஏற்பட்டுவிட்டது', 'சில குழப்பங்கள் நேர்ந்தன' என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் யாருடைய தாமதம் என்பதே கரைந்துபோகும், சண்டையே அதைப் பற்றித்தான். நான் 'உங்கள் பதில் 16ஆம் தேதி வந்தது' என்று எழுதினேன். 'நீங்கள் ஐந்து நாள் இழுத்தடித்தீர்கள்' என்று எழுதவில்லை. இரண்டிலும் அவருடைய ஐந்து நாள் தெளிவாக இருக்கிறது. இரண்டாவதில் அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. தேதிக்கு அவரால் பதில் சொல்ல முடியும். தீர்ப்புக்குக் கோபப்படத்தான் முடியும்.

மறுப்பை முதல் வரியிலேயே வைத்ததற்கும் காரணம் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். 'நீங்கள் குறிப்பிட்டிருந்தபடியும், நாம் முன்பு பேசிக்கொண்டதன் அடிப்படையிலும், காட்சி நேரத்து நெருக்கடியையும் கருத்தில் கொண்டு' என்று போய்க்கொண்டே இருந்தால், ஏற்கிறேனா மறுக்கிறேனா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதற்குள் படிப்பவர் தனக்கு வேண்டியதை முடிவு செய்துவிடுவார். அதனால் அந்த ஒரு வாக்கியத்தைக் குட்டையாக வைத்தேன்.

அனுப்புவதற்கு முன் அந்த அச்சக அண்ணனையே தொலைபேசியில் கூப்பிட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் பிடித்தத்துக்கு ஒத்துக்கொள்கிறேனா இல்லையா, அவர்களிடம் என்ன செய்யச் சொல்கிறேன் என்று இரண்டு கேள்வி கேட்டேன். "ஒத்துக்கல. முந்நூத்தி அம்பத்தேழு போக மீதியைப் பதினஞ்சாந்தேதிக்குள்ள கேக்குற" என்றார். அவர் கொஞ்சம் குழம்பியிருந்தால்கூடத் திருத்தி எழுதியிருப்பேன். ஜனவரிக் கடிதத்துக்கு இந்த இரண்டு கேள்வியையும் கேட்டிருந்தால் இரண்டுக்கும் தவறான பதில்தான் வந்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். இப்போதெல்லாம் கோபமான பதிலை எழுதும்போது பெறுநர் இடத்தைக் காலியாக வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஜிமெயிலில் `Undo Send` என்று ஒன்று உண்டு, அதிகபட்சமாக 30 விநாடி வைத்துக்கொள்ளலாம். நான் அப்படி மாற்றி வைத்திருக்கிறேன். ஆனால் அது தவறான கோப்பை இணைத்துவிட்டால் உதவும், கோபத்துக்கு உதவாது. 30 விநாடியில் என் கோபம் அடங்கியதில்லை. அன்றைக்கு நான் நிம்மதியாகப் படுத்ததே அனுப்பிய பிறகுதான். நகல் விஷயத்திலும் முன்போல இல்லை. நகல் போடுகிற ஒவ்வொருவரும் இதில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். ஆசிரியர் செய்யவேண்டியது எதுவும் இல்லை, அவரை வேடிக்கை பார்க்கத்தான் கூப்பிட்டேன். அவர் எதிரில் தன் மேலாளரை விட்டுக்கொடுக்க உரிமையாளரால் முடியாமல் போனது. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. எனக்கு உதவிய ஆதாரம் அவருடைய மின்னஞ்சலில் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

ஜூலை 8 அன்று மேலாளர் எழுதினார். 11ஆம் தேதி நான் அனுப்பியது தன் கண்ணில் படவே தாமதமாகிவிட்டது, 16க்கு முன் பதில் தந்ததாகத்தான் தான் நினைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். பிடித்தம் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. 14ஆம் தேதி 13,243 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. கைவிட்டுப் போன இரண்டு நூல்கள் திரும்பவில்லை. இரண்டும் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். இதே கடிதத்தை ஜனவரி 21 காலை எழுதியிருந்தால் அவையும் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. முழுத் தொகையும் எல்லாருக்கும் இப்படி வந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன், தராமல் இருக்க முடிவு செய்துவிட்டவரிடம் எந்த நடையும் எடுபடாது.

செப்டம்பரில் அதே பதிப்பகத்திலிருந்து 160 பக்கத்தில் ஒரு சின்ன நூல் வந்தது. வேலைக்கான மின்னஞ்சலில், பக்கத்துக்கான தொகைக்குக் கீழே மேலாளர் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்: "இறுதி ஒப்புதலுக்குப் பிறகு திருத்தம் வந்தால் கோப்பு தரும் தேதியைப் புதிதாகப் பேசி முடிவு செய்துகொள்ளலாம்." 'வணக்கம் சார், சரி' என்று பதில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.